உஷார்! கழன்ற கீயை அமுக்காதீர்கள்

லேப்டாப்பில் ஒரு கீ கழன்று கையோடு வந்துவிட்டதா? அதை இருந்த இடத்திலேயே வைத்து, கட்டைவிரலால் ஒரே அமுக்காக அமுக்கிவிடலாம் என்று தோன்றும். எல்லாருக்கும் தோன்றுவது அதுதான். தயவுசெய்து செய்யாதீர்கள். முதலில் லேப்டாப்பை அணையுங்கள், சார்ஜர் வயரைக் கழற்றுங்கள், கழன்ற கீயையும் கூடவே விழுந்த துணுக்குகளையும் ஒரு வெள்ளைத் தாளில் எடுத்து வையுங்கள். பிறகு இதைப் படியுங்கள்.

பல வருடமாக லேப்டாப் பழுது பார்க்கிறேன். கீ கழன்றதால் மட்டும் பாழான கீபோர்டு என் மேசைக்கு வந்ததே இல்லை என்று சொல்லலாம். கழன்ற பிறகு முதல் ஐந்து நிமிடத்தில் வீட்டில் நடந்த வைத்தியத்தால் பாழானவைதான் வருகின்றன. கீ கழன்றது சின்னச் சமாச்சாரம். அதை வலுக்கட்டாயமாகத் திரும்ப மாட்டுவதுதான் ஆபத்து.

ஏன் என்று புரிய, அந்தக் குழிக்குள் ஒருமுறை செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் சின்னதாக ஒரு ரப்பர் குமிழ் இருக்கும். விரலுக்குத் தெரிகிற அந்த மெத்தென்ற துள்ளலைத் தருவது அதுதான். அதைச் சுற்றி இரண்டு பிளாஸ்டிக் சட்டங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக. உள்சட்டத்தின் இரண்டு பக்கமும் நடுவில் ஒரு சின்ன முளை இருக்கும். அது வெளிச்சட்டத்தின் துளைக்குள் உட்கார்ந்திருக்கும். கத்தரிக்கோல் திறந்து மூடுவதுபோல இரண்டும் குறுக்காக எழுந்து படுக்கும். அதனால்தான் இதற்குக் கத்தரி கிளிப் என்று பெயர். கீயின் எந்த மூலையில் தட்டினாலும் முழுக் கீயும் சமமாக இறங்குவது இந்த ஏற்பாட்டால்தான்.

இந்தக் கிளிப் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று பாருங்கள். அடியில் இருக்கும் மெல்லிய உலோகத் தகட்டிலிருந்தே வெட்டி நிமிர்த்திய குட்டிக் கொக்கிகள், பெரும்பாலும் நான்கு. ஒரு பக்கத்து இரண்டில் கிளிப்பின் முனை நின்ற இடத்திலேயே சுழலும். எதிர்ப்பக்கத்து இரண்டில் முன்னும் பின்னும் வழுக்கி நகரும். கீயின் அடிப்பக்கத்திலும் இதே கதைதான்: ஒரு பக்கம் ‘டக்’கென்று கவ்வும் பிடி, மறுபக்கம் வழுக்கும் பள்ளம்.

உஷார் எல்லாம் இந்த நான்கு கொக்கிகளைப் பற்றித்தான். கீ உடைந்தால் வேறு கீ கிடைக்கும். கிளிப் உடைந்தால் வேறு கிளிப் கிடைக்கும். கொக்கி உடைந்தால் அதற்கு மாற்று கிடையாது. அது கீபோர்டின் தகட்டோடு பிறந்தது. ஒரு கொக்கி போனால் கீபோர்டே போனது. இப்போது வரும் மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் கீபோர்டை மேல்மூடியோடு சேர்த்து, பிளாஸ்டிக் முளைகளை உருக்கி ஒட்டியிருப்பார்கள். அதனால் கீபோர்டு மட்டும் கழன்று வராது. மேல்மூடியையே மாற்றும்படி ஆகிவிடும். ஒரு எழுத்துக்காக!

போன வருடம் ஒரு டைப்பிங் சென்டர் பெண் லேப்டாப்பைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். கழன்றது F கீ. தமிழ்99 விசைப்பலகையில் அதுதான் புள்ளி. மெய்யெழுத்துகளுக்காக அந்த விரல் போய்ப் போய் அடிக்கிற இடம். துடைக்கும்போது துணி நூல் மாட்டிக் கீ எழும்பிவிட்டது. உடனே கட்டைவிரலால் அமுக்கியிருக்கிறாள், ‘நறுக்’கென்று ஒரு சத்தம். மறுபடி எடுக்க ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பியிருக்கிறாள். கடைசியில் பெட்டிக்கடையில் விற்கிற சூப்பர் க்ளூ.

“அண்ணே, ஒரே ஒரு சொட்டுதான் விட்டேன்” என்றாள்.

லேப்டாப்பைத் திறந்தேன். பாஸ்வேர்டு கேட்கிற கட்டத்தில் யாரும் தொடாமலே கறுப்புப் புள்ளிகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. பசை கிளிப்பின் இடுக்கு வழியாகக் கசிந்து உள்ளே போய், ரப்பர் குமிழை அமுங்கிய நிலையிலேயே பிடித்து நிறுத்திவிட்டது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை யாரோ F மேல் விரலை வைத்து எடுக்கவே இல்லை. பாஸ்வேர்டு போட வழியில்லாததால் உள்ளே போகவும் முடியவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஸ்க்ரூ டிரைவர் பட்ட பக்கத்தில் ஒரு கொக்கி இல்லவே இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு பளபளப்பான தழும்பு மட்டும். மேல்மூடியோடு மாற்றியதில் செலவு ஐயாயிரத்தைத் தாண்டியது. அவள் அன்றே முடித்துக் கொடுக்க வேண்டிய புத்தக வேலை ஒரு வாரம் தள்ளிப்போனது. அந்தக் கிளிப்பை மட்டும் மாற்றியிருந்தால் டீச் செலவோடு முடிந்திருக்கும். இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

அதனால் பசை விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். சூப்பர் க்ளூ தண்ணீர் மாதிரி ஓடும். நூலிழை இடுக்கு கிடைத்தால் போதும், தானே உறிஞ்சப்பட்டு உள்ளே போய்விடும். கத்தரி கிளிப் முழுக்கவே இடுக்குகளால் ஆனது. நகர வேண்டிய மூட்டுகளைத்தான் அது முதலில் பிடிக்கும். போதாக்குறைக்கு, கிளிப்புகளை வழுவழுப்பான, உராய்வு குறைந்த பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். ஒட்ட வேண்டிய உடைசலில் பசை சரியாகப் பிடிக்காது, ஒட்டக் கூடாத இடத்தில் இறுகிக்கொண்டு நிற்கும். லேப்டாப்பின் மேல் வைத்து ஒரு சொட்டுப் பசையும் விடக் கூடாது. துரு நீக்கும் ஸ்பிரே, தேங்காயெண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் என்று எதுவும் கூடாது. எண்ணெய் தூசியை இழுத்துக் களிம்பாக்கிவிடும்.

கீயில் கைவைப்பதற்கு முன்னால் இன்னொன்றும் பார்த்தாக வேண்டும். இது பணச் செலவு விஷயம் இல்லை, உயிருக்கான உஷார். கீ தானாகவே எழும்பியதா? அடுத்தடுத்த கீகளும் தூக்கினாற்போல் தெரிகின்றனவா? டச்பேடு சரியாக அமுங்க மறுக்கிறதா? லேப்டாப்பை மூடினால் நடுவில் இடைவெளி விழுகிறதா, மேசையில் வைத்தால் ஆடுகிறதா? அப்படியென்றால் கோளாறு கிளிப்பில் இல்லாமல் இருக்கலாம். அடியில் பேட்டரி உப்பிக்கொண்டு கீபோர்டை மேலே தள்ளலாம். அந்த நிலையில் கீயை அமுக்குவது, உப்பிய லித்தியம் பேட்டரியை அமுக்குவது. தீப்பிடிக்கலாம். சார்ஜ் போடாமல், அணைத்து, அப்படியே சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். கீயை அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

அது இல்லை, சாதாரணமாகக் கழன்ற கீதான் என்றால், எது உடைந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. பலர் எதுவுமே உடையாத கீயைத்தான் மாட்டத் தெரியாமல் உடைக்கிறார்கள். சமீபத்தில் ஒரு கல்லூரிப் பையன் கொண்டுவந்த லேப்டாப்பை வைத்து, நான் பார்க்கிற வரிசையைச் சொல்கிறேன். அவன் கீ M. நல்ல வேளையாக எதையும் அமுக்காமல், தீப்பெட்டிக்குள் எல்லாத் துணுக்கையும் போட்டுக் கொண்டுவந்தான்.

முதலில் கொக்கிகள். நான்கும் இருந்தன. பக்கத்துக் கீயின் குழியை ஓரத்திலிருந்து பார்த்து ஒப்பிட்டேன். ஒன்று லேசாகக் கீழே சாய்ந்திருந்தது. சாய்ந்த கொக்கியை ஒரே ஒருமுறை, பல்குத்தும் குச்சியை அடியில் கொடுத்து, மயிரிழை அளவு நிமிர்த்தலாம். அவ்வளவுதான். பேப்பர் கிளிப்பை முன்னும் பின்னும் வளைத்தால் முறிகிறதே, அதே கதைதான் இந்தத் தகட்டுக்கும். இரண்டாம் முறை வளைத்தால் கையோடு வந்துவிடும். மெட்டல் ட்வீசரை அங்கே நுழைக்காதீர்கள்; குச்சி முறிந்தாலும் கொக்கி பிழைக்கும்.

அடுத்து ரப்பர் குமிழ். நேராக நின்றது, கிழிசல் இல்லை, அடியில் ஒட்டியே இருந்தது. குமிழைக் கிள்ளவோ தூக்கவோ கூடாது. அது பிய்ந்து வந்துவிட்டால் சூப்பர் க்ளூ அதில் நிற்காது, சிலிக்கான் பசைதான் வேண்டும். அதிலும் கொஞ்சம் கூடினால் குமிழுக்கடியில் படிந்து கீ சரியாக வேலை செய்யாமல் போகலாம். குமிழ் பெயர்ந்திருந்தால் வீட்டு வேலையை அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

மூன்றாவது கீயின் அடிப்பக்கம். கவ்வும் பிடிகள் இரண்டும் முழுசாக இருந்தன. பிளாஸ்டிக்கில் வெள்ளைக் கோடு மாதிரி தெரிந்தால் அது அழுக்கு இல்லை. அந்த இடம் ஏற்கெனவே வளைந்து நொந்திருக்கிறது, அடுத்த அமுக்கில் முறியும் என்று அர்த்தம்.

கடைசியில் கிளிப். தீப்பெட்டியில் இரண்டு சட்டமும் தனித்தனியாகக் கிடந்தன. சட்டங்கள் பிரிந்து வந்தாலே உடைந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, முளையும் துளையும் நன்றாக இருந்தால் மறுபடி கோத்துவிடலாம். இவன் கிளிப்பில் அப்படி இல்லை. உள்சட்டத்தின் ஒரு முளை அடியோடு போயிருந்தது. அது இருந்த இடத்தில் மொட்டையாக வெள்ளைப் புள்ளி. ஆக, கீயும் கொக்கியும் குமிழும் நலம், கிளிப் மட்டும் மாற்ற வேண்டும்.

“பசை போட்டு அந்த முளையை ஒட்ட முடியாதாண்ணே?” என்று கேட்டான். முடியாது. மணலளவு முளை. கீ அமுங்கும் ஒவ்வொரு முறையும் அதன் மேல்தான் பாரம். எந்தப் பசையும் அதைத் தாங்காது. துளை பிளந்திருந்தாலும் அதே பதில்தான். ஒட்டுவதற்குக் கொஞ்சமாவது லாயக்கான உடைசல் ஒன்றே ஒன்று: சட்டத்தின் நேரான பட்டையில், முளைக்கும் துளைக்கும் தள்ளி விழுந்த விரிசல். அதையும் லேப்டாப்பிலிருந்து முழுசாக எடுத்து, சட்டங்களைப் பிரித்து, விரிசல் இருக்கும் சட்டத்தைத் தனியாக வைத்துத்தான் செய்ய வேண்டும். விரிசலின் வெளிப்பக்கத்தைப் பொடி உப்புத்தாளால் லேசாக உரசி, இரண்டு டியூப்பைக் கலக்கிப் போடும் எபாக்ஸியை ஊசி முனையால் தொட்டு வைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். காய்ந்ததும் சட்டங்களைக் கோத்து, கையில் வைத்தே படுக்கவும் எழவும் விட்டுப் பாருங்கள். ஒட்டிய இடம் மேடாகி எங்காவது இடித்தால் மாட்டாதீர்கள். அந்த மேடு கொக்கியைத் தள்ளும். சரியாக அமைந்தாலும், புது கிளிப் வரும்வரை தாக்குப்பிடிக்கிற ஏற்பாடுதான் இது.

புது கிளிப் வாங்குவதில்தான் அடுத்த ஏமாற்றம் காத்திருக்கிறது. லேப்டாப்பின் மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடல் லேப்டாப்புக்கு இரண்டு மூன்று கம்பெனிகள் கீபோர்டு செய்து கொடுப்பார்கள்; வெளியே பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கும், உள்ளே கொக்கியும் கிளிப்பும் வேறு வேறு வடிவம். பொருந்தாத கிளிப்பைத் திணிக்கும்போது முறிவது கொக்கிதான். குழியை மேலிருந்து ஒரு போட்டோ, உங்கள் கிளிப்பை ஒரு போட்டோ, கீயின் அடிப்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து விற்பவருக்கு அனுப்பி, மூன்றும் ஒத்துப்போகிறதா என்று கேட்டு வாங்குங்கள். இன்னொரு வழி, பழைய கீபோர்டு. சென்னை ரிச்சி தெருவிலும், ஊர் ஊருக்கு இருக்கும் சர்வீஸ் கடைகளிலும் செத்த கீபோர்டுகள் அடுக்கிக் கிடக்கும். அதிலிருந்து ஒரு கிளிப்பைக் கழற்றித் தருவார்கள். அந்தப் பையனுக்கும் என்னிடம் கிடந்த ஒரு பழைய கீபோர்டிலிருந்துதான் எடுத்தேன். கழற்றிய கிளிப்பை அவனுடையதன் பக்கத்தில் வைத்து, நீளம், முளை இருக்கும் இடம், முனைகளின் வளைவு எல்லாம் ஒன்றா என்று பார்த்த பிறகே மாட்டினேன்.

அப்புறம், மாதிரி பார்க்கிறேன் என்று நல்லாயிருக்கிற பக்கத்துக் கீயைக் கழற்றாதீர்கள். ஒன்று போய் இரண்டாகும்.

இனி மாட்டுகிற முறை. கிளிப்பும் கீயும் சேர்ந்தே கழன்று வந்திருந்தால், அப்படியே மேலே வைத்து அமுக்கக் கூடாது. கீயிலிருந்து கிளிப்பை மெதுவாகப் பிரித்து, கிளிப்பை முதலில் தகட்டில் மாட்ட வேண்டும், கீ பிறகுதான். கொக்கிகள் மேலே கீ மூடிக்கொண்டிருந்தால் கிளிப் எங்கே இடிக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அழுத்தம் கொடுப்பதுதான் இவ்வளவு நாசத்துக்கும் காரணம்.

M கீயின் குழியில் முறுக்குத் துணுக்கும் தூசியும் இருந்தன. மென்மையான பிரஷ்ஷால் தட்டி, ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த காட்டன் பட்ஸால் கொக்கிகளைச் சுற்றித் துடைத்து, காயவிட்டேன். தூசி இருந்தால் கிளிப் பாதி வரைதான் உட்காரும், பாதி உட்கார்ந்ததை அமுக்கினால் முறியும். இரண்டு சட்டங்களையும் கோத்து, விரலில் வைத்து ஆட்டிப் பார்த்தேன். தடையில்லாமல் படுத்து எழுந்தது. சட்டங்களைத் தலைகீழாகக் கோத்துவிட்டால் ஒரு பக்கம்தான் மடங்கும். மடங்க மறுத்தால் பிரித்துத் திருப்பிக் கோக்க வேண்டும், வளைக்கக் கூடாது.

கிளிப்பைக் குமிழின் மேல் வைத்து, வழுக்கி நகரும் பக்கத்தை முதலில் அதன் இரண்டு கொக்கிகளுக்கு அடியில் நுழைத்தேன். எதிர்ப்பக்கத்தைப் பல்குத்தும் குச்சியால் ஒவ்வொரு முனையாக லேசாக வளைத்து உள்ளே விட்டேன். இது எல்லா லேப்டாப்புக்கும் ஒரே திசையில் இருக்காது. சிலதில் வழுக்கும் பக்கம் திரையை நோக்கி இருக்கும், சிலதில் நம்மை நோக்கி. பக்கத்துக் கீயைப் பார்த்து ஊகிக்காமல், கொக்கியின் வடிவத்தைப் பாருங்கள். நகர இடம் விட்டு நீளமாக இருப்பது வழுக்கும் பக்கம்.

கீயை வைப்பதற்கு முன் ஒரு சோதனை. குச்சியால் கிளிப்பைத் தூக்கிப் பாருங்கள். கத்தரி போலத் திறந்து நிற்க வேண்டும், எந்த முனையும் கழன்று வரக் கூடாது. விட்டதும் சமமாகப் படுக்க வேண்டும். நான்கு முனையும் கொக்கிக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் கீ.

கீயின் வழுக்கும் பள்ளத்தைக் கிளிப்பின் அந்தந்த முனையில் முதலில் கோத்து, பிறகு கவ்வும் பக்கத்தை விரலின் சதைப்பகுதியால், நகத்தால் அல்ல, நேராகக் கீழே அழுத்தினேன். தட்டச்சு செய்வதைவிடக் கொஞ்சம் கூடுதல் பலம், அவ்வளவே. ஒரு ஓரத்தில் ‘டக்’, மறு ஓரத்தில் ‘டக்’. இரண்டு சின்னச் சத்தங்கள் கேட்க வேண்டும். சத்தம் வரவில்லை, பலம் கேட்கிறது என்றால் ஏதோ நேராக இல்லை. எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். நான் அந்த M கீயை இரண்டு தடவை எடுத்து, மூன்றாவது தடவைதான் உட்கார வைத்தேன். மாட்டிய பிறகு நான்கு மூலையிலும் தட்டிப் பார்க்க வேண்டும். ஒரு மூலை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றால் அந்தப் பக்கப் பிடி கவ்வவில்லை. அமுக்கினால் எழாமல் படுத்தே கிடந்தால் உள்ளே கிளிப்பின் முனை கொக்கிக்கு வெளியே இருக்கிறது. இரண்டுக்கும் இன்னும் பலமாக அமுக்குவது மருந்து இல்லை.

ஸ்பேஸ், என்டர், ஷிஃப்ட், பேக்ஸ்பேஸ் மாதிரி நீளக் கீகளில் கிளிப்போடு ஒரு மெல்லிய கம்பியும் இருக்கும். கம்பியின் வளைந்த இரண்டு நுனியும் தகட்டில் அதற்கென்றே இருக்கும் கொக்கிகளுக்குள் முதலில் போக வேண்டும். கம்பி வெளியே இருக்க, கீயை மேலே அமுக்கினால் ஒரே அடியில் இரண்டு கொக்கி வளையும். முதல் தடவை முயல்கிறவர்கள் நீளக் கீயில் பழக வேண்டாம்.

மேக்புக் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. 2015 முதல் 2019 வரை வந்த பல மேக்புக்குகளில் இருப்பது கத்தரி கிளிப் அல்ல, பட்டாம்பூச்சி இறக்கை போல விரியும் வேறு வகை. அது ரொம்பவும் மெல்லியது. மேலே சொன்ன எதையும் அதில் செய்யாதீர்கள். அந்த வகையில் கோளாறுகள் பெருகி, 2018இல் ஆப்பிளே இலவசச் சேவைத் திட்டம் அறிவித்தது. 2019 கடைசியில் வந்த 16 அங்குல மேக்புக் ப்ரோவில் கத்தரி வகைக்குத் திரும்பியது.

கிளிப் வந்து சேரும்வரை நாட்கள் ஆகலாம். அதுவரை வெறும் ரப்பர் குமிழின் மேல் விரலால் அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். பக்கவாட்டில் இழுபட்டு அது பெயர்ந்துவிடும். விண்டோஸில் Win + Ctrl + O அழுத்தினால் திரையிலேயே ஒரு கீபோர்டு வரும். இல்லாத எழுத்தை அதில் மவுஸால் அடித்துக்கொள்ளலாம். அதிகம் தட்டச்சு செய்கிறவர்கள் ஒரு யுஎஸ்பி கீபோர்டைச் செருகிக்கொள்ளுங்கள். திறந்து கிடக்கும் குழியின் மேல் சின்னத் தாள் துண்டை வைத்து, ஓரங்களைப் பக்கத்துக் கீகளின் மேல் மாஸ்கிங் டேப்பால் ஒட்டி வையுங்கள். குழிக்குள் பசைப்பக்கம் படக் கூடாது. கழன்ற கீயையும் கிளிப்பையும் உடைந்த துணுக்கையும் ஒரு சின்ன ஜிப் கவரில் போட்டு லேப்டாப் பையிலேயே வைத்திருங்கள். கடையில் கிளிப்பைப் பொருத்திப் பார்க்க, அந்த உடைந்த துணுக்குதான் முதலில் தேவைப்படும்.